ஆறு மாட்டுக்கு வங்கிக் கடன்: திட்ட அறிக்கையை எங்கிருந்து தொடங்குவது?

"அண்ணா, ஹங்வெல்லவில் அப்பாவின் பெயரில் ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. ஆறு கறவை மாடு வாங்கிப் பண்ணை தொடங்க நினைக்கிறேன், நான் இருப்பது வெள்ளவத்தையில். வங்கியில் ப்ரொஜெக்ட் ரிப்போர்ட் கேட்கிறார்கள். ஒரு மாடு 10 லீற்றர், லீற்றர் 180 ரூபாய், வருடத்துக்கு 39 லட்சம் வருமானம் என்று எழுதிக் கொடுத்தேன், 'இது சரிவராது, திருத்திக்கொண்டு வாங்க' என்று திருப்பிவிட்டார்கள். என்ன பிழை என்று சொல்லவில்லை. மாடு ஒன்று 4 லட்சம், செறிவுத் தீவனம் கிலோ 110, வேலையாளுக்கு மாதம் 45,000 என்று விசாரித்து வைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது?"

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன், இப்போது ஓய்வில் இருந்துகொண்டு இப்படியான அறிக்கைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். உங்களுடையதைத் திருப்பியவர் எந்த வரியைப் பார்த்துத் திருப்பினார் என்று எனக்குத் தெரியும். ஆறு மாடு, பத்து லீற்றர், 365 நாள். அந்தப் பெருக்கலைப் பார்த்தவுடனேயே, இதை எழுதியவர் மாடு வளர்த்ததில்லை, வளர்த்தவரிடம் கேட்கவும் இல்லை என்று விளங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அழகாக அச்சடித்துக் கொடுத்தாலும் மற்றப் பக்கங்களை யாரும் நம்பி வாசிக்கமாட்டார்கள்.

மாடு வருடம் முழுக்கக் கறக்காது. கன்று ஈன்றால் கறக்கும், முதல் இரண்டு மூன்று மாதம் உச்சத்தில் நிற்கும், பிறகு இறங்கும், பத்து மாதமளவில் வற்றும், அடுத்த கன்று ஈனும்வரை தின்னும், ஆனால் தராது. அடுத்த கன்று எப்போது என்பதில்தான் உங்கள் முழுக் கணக்கும் நிற்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், அதை யாராலும் குறைக்க முடியாது. ஈன்று இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சினை ஊசி போடுவார்கள், முதல் ஊசியிலேயே பிடிக்கும் என்று நிச்சயமில்லை, 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவ அறிகுறியை வேலையாள் ஒரு தடவை கவனிக்கத் தவறினால் இன்னொரு 21 நாள் தீவனம் வீண். 170 நாளில் சினைப்பட்டால் ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே 450 நாள், அதாவது 15 மாதம். புதிதாகத் தொடங்குபவர் 12 மாதம் என்று எழுதினால் நான் சிரித்துவிடுவேன், 15 என்று எழுதினால் மேற்கொண்டு வாசிப்பேன்.

அடுத்தது அந்தப் பத்து லீற்றர். ஹங்வெல்ல தாழ்நில ஈரவலயம், வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த இடம். நுவரெலியாப் பக்கம் 18 லீற்றர் கறக்கும் பிரீசியன் மாட்டை இங்கே இறக்கினால் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும், தீன் எடுக்காது, பால் மளமளவென்று இறங்கும். உங்களுக்குச் சரியானது ஜேர்சிக் கலப்பு, அல்லது ஜேர்சியும் சாஹிவாலும் கலந்தது. நல்ல தீனோடு முதல் மூன்று மாதம் 12 லீற்றர், அடுத்த நான்கு மாதம் 9, கடைசி மூன்று மாதம் 6 என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் 2,700 லீற்றர். அதை 450 நாளுக்குப் பிரித்தால் ஒரு மாட்டுக்கு நாளுக்கு 6 லீற்றர். ஆக, நீங்கள் 60 லீற்றர் என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது 36.

இந்த 36-உம் சராசரிதான். வங்கித் தவணை மாதாமாதம் வரும், சராசரியைக் காட்டி அதைச் சமாளிக்க முடியாது. உங்கள் அறிக்கையில் ஆறு மாட்டையும் ஒரே நாளில் வாங்குவதாக எழுதியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் கடனும் ஒரே நாளில் வரும் என்று நினைப்பு. அதை மாதவாரியாகப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 72 லீற்றர், பெரிய சந்தோஷம். அடுத்த நான்கு மாதம் 54, அதற்கடுத்த மூன்று மாதம் 36. பதினோராம் மாதம் தொடங்கிப் பதினைந்தாம் மாதம்வரை பூச்சியம். ஐந்து மாதம் ஒரு சொட்டுப் பால் இல்லாமல் ஆறு மாட்டுக்கும் தீன் போட்டு, வேலையாளுக்குச் சம்பளம் கொடுத்து, தவணையும் கட்டவேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு அறிக்கையைச் சரி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதினொரு மாதம் ஒழுங்காகக் கட்டிய மனிதர் பன்னிரண்டாம் மாதம் இரண்டு மாட்டை விற்றுத் தவணை கட்டினார், பதினான்காம் மாதம் இன்னும் இரண்டு. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அறிக்கைதான் தவறு, அதில் கையெழுத்து என்னுடையது.

இதற்கு வழி, மாட்டை இரண்டிரண்டாக ஐந்து மாத இடைவெளியில் வாங்குவது. 15 மாதச் சுற்றை மூன்றாகப் பிரித்தால் ஐந்து, அவ்வளவுதான் இதன் சூட்சுமம். முதல் ஐந்து மாதம் இரண்டு மாடு மட்டும், நாளுக்கு 18 முதல் 24 லீற்றர். ஆறாம் மாதம் அடுத்த இரண்டு வரும்போது முதல் சோடி நடு நிலையில் இருக்கும், இரண்டும் சேர்ந்து 42. பதினோராம் மாதம் முதல் சோடி வற்றும், அதே மாதம் மூன்றாவது சோடி புதுப் பாலோடு வந்து நிற்கும். பதினாறாம் மாதம் முதல் சோடி மறுபடி ஈனும், அப்போது இரண்டாவது சோடி வற்றும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு எந்த மாதத்தைத் தொட்டாலும் நான்கு மாடு கறவையில் இருக்கும், பால் 30-க்குக் கீழே இறங்காது, 42-க்கு மேலே போகாது. மாடு நாட்காட்டி பார்த்து ஈனாது என்பது உண்மைதான், ஒன்று இரண்டு மாதம் முன்பின் ஆகும். ஆனாலும் பூச்சிய மாதம் என்று ஒன்று வராது.

ஆகவே அறிக்கையின் முதல் அட்டவணையாக இந்த மாதவாரிப் பால் அட்டவணையைப் போடுங்கள், 24 மாதத்துக்கு. கடனும் மூன்று கட்டமாக விடுவிக்கப்பட வேண்டும் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். கொட்டிலுக்கும் முதல் சோடிக்கும் ஒரு பகுதி, மற்ற இரண்டு சோடிக்கும் தனித்தனியாக. சில கிளைகளில் 'அப்படி வழக்கமில்லை' என்பார்கள், அட்டவணையைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு. முதல் சோடியை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நேரில் வந்து பார்த்துவிட்டுத்தானே அடுத்த பணத்தை விடுவார்கள்? சலுகைக் காலமும் இதிலிருந்தே வரும். முதல் ஐந்து மாதம் இரண்டு மாட்டின் பால்தான், அதனால் ஆறு மாதத்துக்குக் கடன் முதலைக் கட்டாமல் வட்டி மட்டும் கட்டக் கேளுங்கள். 'ஒரு வருடம் தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, காரணத்தோடு கேட்கும் ஆறு மாதம் எளிதாகக் கிடைக்கும்.

சரி, இப்போது காசுக் கணக்கு. நீங்கள் விசாரித்த விலைகளையே எடுக்கிறேன், விடுபட்டதற்கு என் ஊகத்தைப் போடுகிறேன், நீங்கள் கொட்டேஷன் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். மாடு 24 லட்சம். கொட்டில், சாணக்குழி சேர்த்து 7 லட்சம். புல் வெட்டும் மெஷின், பால் கேன், தண்ணீர்த் தாங்கி, மோட்டர் எல்லாம் 3 லட்சத்து 50 ஆயிரம். புல் நடுகைக்கு ஒரு லட்சம். நடைமுறைச் செலவுக்குக் கையில் 2 லட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 38 லட்சம். வங்கி 70 வீதம் தந்தால் கடன் 26 லட்சத்து 60 ஆயிரம், மீதி உங்கள் பணம். அந்தக் கடைசி 2 லட்சத்து 50 ஆயிரத்தை வெட்டிவிட்டுத் திட்டத்தைச் சின்னதாகக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். ஒரு சினை ஊசி பிடிக்காமல் போகிற மாதங்களைத் தாண்ட வைப்பது அந்தப் பணம்தான்.

செலவில் பெரியது செறிவுத் தீவனம். உடம்பைப் பேண ஒரு கிலோ, அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லீற்றருக்கும் ஒரு கிலோ என்று எடுத்தால், 15 மாதச் சுற்றில் ஒரு மாட்டுக்குச் சராசரி நாளுக்கு 3.4 கிலோ வரும். ஆறு மாட்டுக்கு வருடத்தில் 8 லட்சத்து 20 ஆயிரம். தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் வாங்கி நீங்களே கலந்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் அறிக்கையில் அந்த மிச்சத்தை இப்போதே எழுதவேண்டாம். வேலையாள் 5 லட்சத்து 40 ஆயிரம். கன்றுத் தீவனம், மருந்து, தாதுப்பு, மின்சாரம், பால் கொண்டுபோகும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 65 ஆயிரம் என்று வைப்போம். மொத்தம் 17 லட்சத்து 25 ஆயிரம். உங்கள் சொந்த உழைப்புக்கு இதில் சம்பளம் இல்லை, கவனியுங்கள்.

வருமானத்தில் 36 லீற்றரையும் விற்கமுடியாது. கன்றுக்கு முதல் மூன்று மாதம் நாளுக்கு இரண்டு லீற்றராவது போகும், இதை விட்டுவிட்டு எழுதுவது இரண்டாவது பொதுவான பிழை. வீட்டுக்கும் கொஞ்சம் போக 33 லீற்றர் விற்பனைக்கு. முழுவதையும் சேகரிப்பு நிலையத்துக்கு 180 ரூபாய்க்குக் கொடுத்தால் வருடத்தில் 21 லட்சத்து 68 ஆயிரம். நாம்பன் கன்றும் சாணமும் விற்று ஒரு லட்சம். செலவு போக மிஞ்சுவது 5 லட்சத்து 43 ஆயிரம். 14 வீத வட்டிக்கு ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 61,900 அளவில் வரும், வருடத்துக்கு 7 லட்சத்து 43 ஆயிரம். தவணைக்கே இரண்டு லட்சம் குறைகிறது! உங்கள் திட்டம் எழுதியபடி நடந்தால் கடன் கட்ட முடியாது என்பதுதான் உண்மை, இதை வங்கி கண்டுபிடிப்பதைவிட நீங்கள் முதலில் கண்டுபிடிப்பது நல்லது.

கடனை ஏழு வருடமாக்கினால் தவணை 49,850-க்கு இறங்கும், வருடத்துக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 98 ஆயிரம். அப்போதும் போதாது. விற்பனையில்தான் கை வைக்கவேண்டும். ஹங்வெல்ல டவுனிலும் அவிசாவளை வீதியிலும் தேத்தண்ணிக் கடைகள் இருக்கின்றன, பக்கத்து வீடுகள் இருக்கின்றன. நாளுக்கு 12 லீற்றர் மட்டும் நேரடியாக 250 ரூபாய்க்குப் போனால் பால் வருமானம் 24 லட்சத்து 75 ஆயிரமாகும், மிச்சம் 8 லட்சத்து 50 ஆயிரம். அதை 5 லட்சத்து 98 ஆயிரத்தால் வகுத்தால் 1.42. வங்கியில் இந்த எண்ணைத்தான் தேடுவார்கள், ஒரு ரூபாய் தவணைக்கு எத்தனை ரூபாய் மிச்சம் இருக்கிறது என்பது. 1.25-க்குக் கீழே என்றால் முகம் சுளிப்பார்கள், 3, 4 என்று வந்தால் நம்பமாட்டார்கள். நீங்கள் முன்பு கொடுத்த அறிக்கையில் இது எக்கச்சக்கமாக வந்திருக்கும். 1.42 என்பது வாய்க்கும் வயிற்றுக்கும் சரியான கணக்கு, கையில் மாதம் 21,000 ரூபாய்தான் மிஞ்சும், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

ஏன் 33-ஐயும் 250-க்கு விற்பதாக எழுதக்கூடாது என்று கேட்பீர்கள். எழுதலாம், நிரூபிக்க முடியாது. 12 லீற்றருக்கு நான்கைந்து கடைக்காரரிடமும் சில வீடுகளிலும் 'தினமும் இவ்வளவு எடுப்போம்' என்று ஒரு தாளில் எழுதி வாங்கலாம், மீதியைச் சேகரிப்பு நிலையம் எடுக்கும். பெரிய கொம்பனிகளின் நிலையங்கள் கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் அளந்துதான் விலை போடுவார்கள், அதனால் 180 என்பது பலகையில் எழுதியிருக்கும் விலையா, கையில் கிடைக்கும் விலையா என்று பாருங்கள். அங்கே பால் ஊற்றும் யாரிடமாவது கேட்டு இரண்டு மூன்று மாதச் சிட்டையைப் பிரதி எடுத்து அறிக்கையில் இணைத்தால், பத்துப் பக்கம் சந்தை ஆய்வு எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதன் கீழே ஒரு வரியில், பால் வருமானம் பத்து வீதம் குறைந்தால் அந்த 1.42 என்ற எண் 1.01 ஆகிவிடும், தவணையை மட்டும் மயிரிழையில் கட்டலாம், கையில் ஒன்றும் மிஞ்சாது என்று நீங்களே எழுதிவிடுங்கள். பலவீனத்தை மறைக்காமல் எழுதியவரை அதிகாரி மேலதிகமாக ஐந்து நிமிடம் கேட்பார்.

புல் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றுமே இல்லை, அதனால் சொல்கிறேன். ஒரு மாட்டுக்குப் பச்சைப் புல் நாளுக்கு 30 கிலோ, ஆறுக்கு 180, வளரும் நாகுகளையும் சேர்த்தால் 200. ஒரு ஏக்கரில் கொட்டிலும் பாதையும் போக முக்கால் ஏக்கர்தான் சிஓ-3 தீவனப் புல் நடக் கிடைக்கும். உங்கள் பக்கத்து மழைக்கு, சாணத்தைத் திரும்ப அதற்கே போட்டால் நன்றாக வளரும், ஆனால் ஆறு மாட்டுக்கு வருடம் முழுக்க அது மட்டும் போதும் என்று நான் எழுதமாட்டேன். தென்னங்காணிகளிலும் இறப்பர்த் தோட்ட ஓரங்களிலும் கினிப் புல் வெட்ட அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தையும் வைக்கவேண்டும், வேலிக்குக் கிளிரிசிடியா நட்டால் அதன் இலையும் உதவும். முக்கியமானது இன்னொன்று. நட்ட புல் முதல் வெட்டுக்கு வர இரண்டரை மூன்று மாதம் ஆகும். ஆகவே அட்டவணையில் புல் நடுகை மாட்டுக்கு மூன்று மாதம் முன்னால் வரவேண்டும். மாடும் புல்லும் ஒரே மாதத்தில் வருகிற அறிக்கைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்த மூன்று மாதமும் மாடு எதைத் தின்னும் என்று கேட்டால் பதில் இருக்காது.

மாடு வாங்கும் முறையை அரைப் பக்கம் எழுதுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது ஈற்று, ஈன்று ஒரு மாதத்துக்குள், காதில் அடையாள இலக்கம் உள்ளது, உங்கள் பிரிவு அரச மிருக வைத்தியர் பார்த்துச் சான்று தந்தது என்று. கறவையை மூன்று தடவை நேரில் நின்று பாருங்கள், மாலை, காலை, மறுபடி மாலை. ஒரு தடவை மட்டும் பார்த்தால், விற்பவர் முதல் நாள் கறக்காமல் மடியை நிரப்பி வைத்துக் காட்டியிருக்கலாம். இடம் விட்டு இடம் ஏற்றவும் அனுமதிப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் வழியில் பொலிஸ் நிறுத்தும். மடி நோய், உண்ணிக் காய்ச்சல், கால் வாய் நோய்த் தடுப்பூசி பற்றி அந்த அலுவலகத்திலேயே கேட்டு அவர்கள் சொல்லும் ஒழுங்கை எழுதினால் போதும், நீங்களாக வைத்தியம் எழுதவேண்டாம்.

காகிதங்களில் உங்களுக்குச் சிக்கல் ஒன்றுதான், காணி அப்பாவின் பெயரில் இருப்பது. கடன் உங்கள் பெயரில் என்றால், கடன் காலத்தைவிட நீண்ட ஒரு குத்தகை உடன்படிக்கையை நொத்தாரிசு மூலம் எழுதுங்கள், அல்லது அப்பாவையும் சேர்ந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அந்தக் காணியையே பிணையாகவும் கேட்பார்கள், அவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கொட்டிலுக்குப் பிரதேச சபையில் அனுமதி கேட்கும்போது சாணமும் கழுவும் தண்ணீரும் எங்கே போகும் என்று கேட்பார்கள், அதனால்தான் சாணக்குழியைக் கொட்டிலோடு சேர்த்து எழுதச் சொன்னேன். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையில் பழைய கடனட்டைப் பாக்கி ஏதாவது இருந்தால் இப்போதே தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் இருப்பது வெள்ளவத்தை, மாடு இருப்பது ஹங்வெல்ல. காலை ஐந்து மணிக்கு யார் கறப்பார், வேலையாள் வராத நாளில் யார் என்று நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். வங்கிக்காரன் நான், எனக்கே முதலில் தோன்றிய கேள்வி அதுதான். ஹங்வெல்லவில் அப்பா இருக்கிறாரா, நீங்கள் அங்கே குடிபோகிறீர்களா என்று எழுதவில்லை. அதற்கு ஒரு பதில் இருந்தால் எழுதுங்கள், சேகரிப்பு நிலையச் சிட்டையும் கிடைத்ததும் 180-ஐத் திருத்தி இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.